அன்றைய பார்சல் அன்றே கிளம்ப: கூரியர் கட்-ஆஃப் நேரமும் டிஸ்பாட்ச் ஷிப்டும் குறிக்கும் முறை

திருப்பூரில் பனியனும் டி-ஷர்ட்டும் ஆன்லைனில் விற்கும் ஒரு குடோனில் டிஸ்பாட்ச் என் பொறுப்பு. சாதாரண நாளில் 300 பார்சல் போகும். ஞாயிற்றுக்கிழமை பிக்கப் கிடையாது என்பதால் திங்கட்கிழமை 470 வரை சேர்ந்துவிடும். பேக்கிங் மேசையில் மூன்று பேர், ரேக்கிலிருந்து சரக்கு எடுக்க ஒருவர், கூரியரிடம் ஒப்படைக்க ஒருவர். இவ்வளவுதான் ஆட்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இது. முதலில் ஷிப்டை 9 முதல் 6 என்று வைத்துவிடுவார்கள். அப்புறம் "மாலை 5 மணிக்குள் ஆர்டர் செய்தால் இன்றே அனுப்புவோம்" என்று தளத்தில் போடுவார்கள். கடைசியில் கூரியருக்கு போன் செய்து எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். ஊர்ப் பார்சல்களையெல்லாம் சேர்த்துப் பிரிக்கும் கூரியர் ஹப்பிலிருந்து வண்டி கிளம்பும் நேரம் நம் கையில் இல்லை. நம் ஷிப்ட் நம் கையில் இருக்கிறது. மாற்ற முடியாததில் தொடங்கி, மாற்ற முடிந்ததை அதற்கேற்ப வைப்பதுதான் வழி.

கீழே வரும் எண்கள் எங்கள் குடோனுடையவை. கணக்கு போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை உங்கள் இடத்தில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டில் 12 வேலை நாட்களுக்கு மூன்று நேரங்களை எழுதுங்கள்: பிக்கப் ஆள் வந்த நேரம், ஸ்கேன் செய்து முடித்த நேரம், வாசலைவிட்டுக் கிளம்பிய நேரம். 12 நாள் என்றால் இரண்டு வாரம். இரண்டு திங்கட்கிழமையும் இரண்டு சனிக்கிழமையும் அதில் வந்துவிடும். கூரியர் ஆப் காட்டும் "மாலை 4 முதல் 7 வரை" என்ற இடைவெளியை வைத்துத் திட்டம் போட முடியாது. மூன்று மணி நேர இடைவெளி நமக்கு எதையும் சொல்வதில்லை.

கடந்த நான்கு வார ஆர்டர்களை, ஆர்டர் வந்த மணியோடு டவுன்லோட் செய்து, மணி வாரியாக எண்ணிக்கை எடுங்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லா நாளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் திங்கட்கிழமை அதில் கரைந்து காணாமல் போய்விடும்.

பிறகு இரண்டு போன் எண்கள்: பிக்கப் ஆளுடையது ஒன்று, ஹப்பில் இருக்கும் சூப்பர்வைசருடையது ஒன்று. விற்பனைப் பிரிவில் இருப்பவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் ஹப் வாசல் எத்தனை மணிக்கு மூடும் என்பது அவருக்குத் தெரியாது.

## 2. லைன் வண்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் ஊர் ஹப்பில் சேரும் பார்சல்களை ஊர் வாரியாகப் பிரித்து, பெரிய பைகளில் கட்டி, வெளியூர் போகும் வண்டியில் ஏற்றுவார்கள். இதைத்தான் லைன் வண்டி என்கிறோம். அந்த வண்டியில் ஏறினால்தான் பார்சல் அன்றைக்குக் கிளம்பியதாகும். நம் வாசலில் ஸ்கேன் ஆகி, இரவு முழுக்க ஹப்பில் கிடந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு நாள் போயிற்று.

ஹப் சூப்பர்வைசரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். லைன் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? எத்தனை மணிக்குள் பார்சல் உள்ளே வந்தால் அன்றைய வண்டியில் ஏறும்? இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் ஹப்பில் வண்டி இரவு 8.30-க்குக் கிளம்புகிறது, ஆனால் 7.15-க்குள் உள்ளே வந்தால்தான் பிரித்துக் கட்ட முடிகிறது. எங்களுக்குக் கடைசி நேரம் 7.15. 8.30-ஐ மறந்துவிட வேண்டும்.

எங்களிடமிருந்து ஹப்புக்கு நேராகப் போனால் 20 நிமிடம். ஆனால் பிக்கப் ஆள் வழியில் இன்னும் இரண்டு கடைகளில் நிற்கிறார், அதனால் 40 நிமிடம் ஆகிறது. ஆக, எங்கள் வாசலைவிட்டு அவர் 6.30-க்குக் கிளம்ப வேண்டும். அப்போதுதான் 7.10-க்கு ஹப்பில் இருப்பார்.

## 3. ஒப்படைக்க ஆகும் நேரத்தை விட்டுவிடாதீர்கள்

கணக்கில் பலர் விடும் ஓட்டை இது. பிக்கப் ஆள் வந்ததும் பார்சல் போய்விடாது. அவர் ஒவ்வொன்றாக போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் பிக்கப் ஆளுக்கு ஒரு பார்சலுக்கு 4 விநாடி ஆகிறது. 300 பார்சலுக்கு 20 நிமிடம். எண்ணிச் சரிபார்த்து, ஒப்படைக்கும் பார்சல்களின் பட்டியலான மேனிஃபெஸ்டில் கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏற்ற இன்னும் 10 நிமிடம். மொத்தம் 30 நிமிடம்.

6.30-க்குக் கிளம்ப வேண்டுமென்றால் 6 மணிக்கு அவர் வந்திருக்க வேண்டும். எங்கள் நோட்டில் அவர் வந்த நேரம் பெரும்பாலும் 5.50-க்கும் 6.05-க்கும் நடுவில் இருந்தது. சீக்கிரம் வந்த நாள் 5.40. தாமதமாக வந்த நாள் 6.25, அது 12 நாளில் ஒரே ஒரு நாள்.

இந்த எண்களில் எதை எடுத்துக்கொள்வது? நாம் தயாராக இருக்க வேண்டிய நேரத்துக்கு அவர் சீக்கிரம் வந்த நாளை எடுங்கள். 5.40-க்கு வந்தவரை நிறுத்திவைத்து "இன்னும் இருபது பார்சல் இருக்கிறது, இருங்க" என்று சொன்னால் அடுத்த கடை தாமதமாகும். அந்தக் கடைக்காரர் சத்தம் போடுவார். மறுநாளிலிருந்து அவர் நம்மைக் கடைசியில் வைத்துக்கொள்வார். அதனால் 5.30-க்கு எல்லாம் கட்டி வாசலில் இருக்க வேண்டும் என்று வைத்தோம்.

தாமதமாக வரும் நாளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 6 மணி வரை வரவில்லை என்றால் போன். 6.05-க்கும் அவர் வரவில்லை என்றால் எங்கள் குட்டி யானையில் ஏற்றி நேராக ஹப்புக்குக் கொண்டுபோய்விடுவோம். ஏற்றுவதற்குப் பத்து நிமிடம், வழியில் 20 நிமிடம், 6.35-க்கெல்லாம் அங்கே இருக்கலாம். ஸ்கேனை ஹப்பிலேயே செய்துகொள்வார்கள். இப்படி நேரில் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். வாசலில் போய் நின்று கேட்கிற விஷயம் இல்லை இது.

## 4. பேக்கிங் வேகத்தைப் பகல் 3 மணிக்கு அளங்கள்

காலை 10 மணிக்கு அளந்தால் எல்லோரும் வேகமாகத்தான் இருப்பார்கள். எங்கள் மேசையில் காலையில் ஒருவர் மணிக்கு 28 பார்சல் கட்டினார். பகல் 3 மணிக்கு அதே ஆள் 24. நடுவில் டேப் தீர்ந்து போகும், எக்ஸ்.எல் கேட்ட ஆர்டருக்கு எல் வந்திருக்கும், லேபிள் பிரிண்டரில் ரோல் மாற்ற வேண்டியிருக்கும். இவையெல்லாம் வேலையின் பகுதிதான், கழித்துவிடக் கூடாது. நாங்கள் 24-ஐ எடுத்தோம். மூன்று பேருக்கு மணிக்கு 72.

சரக்கு எடுப்பவர் மணிக்கு 80 ஆர்டர் எடுக்கிறார். ஆர்டர் ஆர்டராக நடந்தால் இவ்வளவு வராது. ஒரு பேட்ச் ஆர்டர்களை ரேக் வரிசைப்படி பிரிண்ட் எடுத்து, ஒரே சுற்றில் எடுத்து வந்தால்தான் வரும். அவர் வேகம் பேக்கிங் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் மேசையில் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

## 5. ஆர்டர் கட்-ஆஃபைக் கடைசி பேட்சிலிருந்து கணக்கிடுங்கள்

இப்போதுதான் வாடிக்கையாளருக்குச் சொல்லும் நேரத்துக்கு வருகிறோம். கட்-ஆஃப் நேரத்தில் ஒரு கடைசி பேட்ச் பிரிண்ட் ஆகும். அந்த பேட்ச் 5.30-க்குள் முடிய வேண்டும்.

எங்களுக்கு 1.30 முதல் 3.30 வரை சுமார் 45 ஆர்டர் வருகிறது. 3.30-க்குப் பிரிண்ட் எடுத்து, ரேக்கிலிருந்து எடுத்துவர 40 நிமிடம். 4.10 ஆகிறது. 45 பார்சல் கட்ட 38 நிமிடம், 4.48. இந்த பேட்சில் ஒன்றிரண்டு ஆர்டருக்குச் சரக்கு ரேக்கில் இருக்காது. அதைத் தேடவோ வாடிக்கையாளரிடம் வேறு நிறம் கேட்கவோ 15 நிமிடம். 5.05 வாக்கில் முடிகிறது. 25 நிமிடம் மிச்சம்.

அப்படியானால் கட்-ஆஃபை 3.45 என்று வைக்கலாமே என்று தோன்றும். செவ்வாய் முதல் சனி வரை வைக்கலாம்தான். ஆனால் திங்கட்கிழமை 3.30-க்கு மேசையில் காலை ஆர்டர்களே கொஞ்சம் மிச்சம் இருக்கும். கடைசி பேட்ச் அதற்குப் பின்னால்தான் நிற்கும். அந்த 25 நிமிடம் அன்றைக்குத் தேவைப்படும். நாளுக்கு ஒரு கட்-ஆஃப் வைத்தால் வாடிக்கையாளர் குழம்புவார், நம் ஆட்களும் குழம்புவார்கள். ஒரே நேரம், அதுவும் கடினமான நாள் தாங்கும் நேரம் என்பது என் கருத்து. தளத்தில் 3.30 என்று போட்டிருக்கிறோம். 3.40-க்கு வந்த ஆர்டர் இடமிருந்தால் அன்றே போகும், ஆனால் அதற்கு வாக்கு கொடுப்பதில்லை.

பிக்கப் வேண்டுமென்று ஆப்பில் பதிவு செய்யவும் ஒரு கடைசி நேரம் இருக்கும். சில கூரியர்களில் அது மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். தினசரி நிரந்தரப் பிக்கப் இல்லாதவர்கள் இதைத் தனியாகக் கேட்டுக் குறித்து வையுங்கள். மொத்தப் பார்சல் எண்ணிக்கையையும் மதியம் 12 மணிக்கே சொல்லிவிட வேண்டும். 300 பார்சல் எடுக்க ஒருவர் பைக்கில் பை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் யாரைக் குறை சொல்வது?

## 6. ஷிப்ட் தொடக்கம் கடைசியில்தான் வரும்

சாதாரண நாளில் 300 பார்சலை மணிக்கு 72 வீதம் கட்ட 4 மணி 10 நிமிடம் ஆகும். 5.30-லிருந்து பின்னால் எண்ணி, ஒரு மணி நேரச் சாப்பாட்டையும் சேர்த்தால் 12.20-க்குத் தொடங்கினால் போதும் என்று கணக்கு சொல்லும். அப்படியே செய்யாதீர்கள், ஒரு ஆள் லீவு போட்டால் கணக்கு உடைந்துவிடும். அதே சமயம் 9 மணிக்கும் தொடங்க வேண்டியதில்லை. 9 முதல் 6 என்று ஷிப்ட் வைத்தால் பிக்கப் ஆள் 6.05-க்கு வரும்போது எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். காலையில் ஆட்கள் அதிகம், மாலையில் ஆளே இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

எங்கள் ஏற்பாடு இது. சரக்கு எடுப்பவர் 9.45 முதல் 6.45 வரை. பேக்கிங்கில் மூவரும், ஒப்படைப்பவரும் 10.30 முதல் 7.30 வரை. சரக்கு எடுப்பவர் 45 நிமிடம் முன்னால் வந்தால் 10.30-க்கு மேசையில் 60 ஆர்டர் தயாராக இருக்கும். மூன்று பேருக்கு 50 நிமிட வேலை. வந்ததும் கை ஓடும்.

10.30 முதல் 5.30 வரை சாப்பாடு போக 6 மணி நேரம், 432 பார்சல் கட்டலாம். 300-க்கு இது அதிகம்தான். ஆனால் இரண்டு பேராகக் குறைத்தால் 288 தான் வரும், போதாது. மிச்ச நேரத்தில் திரும்பி வந்த பார்சல்களைப் பிரித்துச் சரிபார்க்கிறார்கள்.

5.30-க்கு மேல் வேலை என்ன என்று கேட்கலாம். 3.30-க்குப் பிறகு வந்த ஆர்டர்களைக் கட்டுகிறார்கள். மறுநாள் காலைச் சுமை அறுபது பார்சல் அளவுக்குக் குறைகிறது. ஒன்று மட்டும் கவனம்: அவற்றை "நாளை" என்று எழுதிய தனி ரேக்கில் வைத்து, மேனிஃபெஸ்ட் மறுநாள்தான் எடுக்க வேண்டும். இன்றைய மேனிஃபெஸ்டில் ஏறிவிட்டு பார்சல் ரேக்கில் இருந்தால், ஒப்படைக்கும்போது எண்ணிக்கை இடிக்கும். தேடிக்கொண்டிருக்கையில் பத்து நிமிடம் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தையும் முன்பே குறியுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி. 4 மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். 10.30-க்கு வந்தவர்கள் 2.30-க்குள் சாப்பிடப் போக வேண்டும். அப்போதுதான் 3.30 கடைசி பேட்சுக்குத் திரும்பியிருப்பார்கள். 2021-இல் வந்த திருத்தம் உட்கார இருக்கையும் தரச் சொல்கிறது. பேக்கிங் மேசைக்கு உயரமான ஸ்டூல் போட்டோம். 3 மணிக்குப் பிறகு வேகம் அவ்வளவு விழவில்லை.

7.30 என்று முடிவு செய்யும் முன் ஆட்களிடம் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். எங்களிடம் பல்லடம் பக்கமிருந்து வருகிற ஒரு அக்காவுக்கு 7.30 என்றால் பஸ் கிடைக்காது என்று தெரிந்ததும் அவருக்கு மட்டும் 9.45 முதல் 6.45 என்று மாற்றினோம். கேட்காமல் வைத்திருந்தால் தினமும் 6.45-க்கு அவர் கண் கடிகாரத்திலேயே இருந்திருக்கும்.

## 7. திங்கட்கிழமையைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்

சனி 3.30 முதல் திங்கள் காலை 9 வரை சுமார் 360 ஆர்டர். 9 முதல் 3.30 வரை இன்னும் 110. மொத்தம் 470. இதைக் கட்ட ஆறரை மணி நேரம் வேண்டும். 10.30-க்குத் தொடங்கினால் 6 மணி நேரம்தான் கிடைக்கும், 38 பார்சல் நின்றுவிடும்.

அதனால் அன்று சரக்கு எடுப்பவர் 8.30-க்கு, பேக்கிங் 9.15-க்கு. சாப்பாடு போக 7 மணி 15 நிமிடம், 522 பார்சல் கட்டலாம். 52 பார்சல் இடைவெளி இருக்கிறது. சரக்கு எடுப்பவருக்கு 12.30-க்குள்ளும், மற்றவர்களுக்கு 1.15-க்கும் சாப்பாடு. ஒப்படைப்பவர் வழக்கம்போல 10.30 முதல் 7.30. வேறு யார் போனாலும் அவர் இருப்பார்.

பேக்கிங் சரியாகிவிட்டது, ஒப்படைப்பு சரியாகவில்லை. 470 பார்சலை ஸ்கேன் செய்ய 31 நிமிடம், மற்ற வேலைக்கு 10. பிக்கப் ஆள் 6 மணிக்கு வந்தாலும் 6.41-க்குத்தான் கிளம்புவார், 7.21-க்கு ஹப். ஆறு நிமிடத்தில் போச்சு. ஆரம்பத்தில் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. எல்லாம் 5.30-க்குத் தயார், எல்லாம் ஸ்கேன் ஆனது, ஆனாலும் செவ்வாய்க்கிழமை புகார் வந்துகொண்டே இருந்தது.

தீர்வு, திங்கட்கிழமை மட்டும் பகல் 1.30-க்கு இன்னொரு பிக்கப். 9.15 முதல் 1.15 வரை நான்கு மணி நேரத்தில் 288 பார்சல் கட்ட முடியும், கொஞ்சம் குறைந்தாலும் 250 தயார். மற்றவர்கள் சாப்பிடும்போது ஒப்படைப்பவர் அதை அனுப்பிவிட்டு 2.15-க்குச் சாப்பிடுகிறார். மாலைக்கு 220 தான் மிச்சம், ஸ்கேனுக்குக் கால் மணி நேரம். ஹப்பிலும் அவர்களுக்குப் பகலிலேயே பிரிக்கும் வேலை கிடைப்பதால், இதைக் கேட்டபோது சூப்பர்வைசர் மறுக்கவில்லை.

## 8. உண்மையில் கிளம்பியதா என்று மறுநாள் பாருங்கள்

டிராக்கிங்கில் "பிக்கப் ஆனது" என்று வந்ததைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அது நம் வாசலில் நடந்த ஸ்கேன். அதற்குப் பிறகு ஹப்பில் உள்ளே வந்த நேரமும், ஹப்பைவிட்டுக் கிளம்பிய நேரமும் தனித்தனி வரிகளாக வரும். மூன்றாவது வரியின் தேதியைப் பாருங்கள்.

தினமும் காலையில் 10 பார்சல் எடுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் ஐந்து, முந்தைய நாள் கடைசியாக ஸ்கேன் ஆனவையாக இருக்கட்டும். பத்தும் தாமதம் என்றால் பிக்கப் வண்டியே ஹப்புக்கு நேரத்துக்குப் போகவில்லை. உள்ளே வந்த நேரம் 7.15-க்குள் இருந்தும் கிளம்பிய தேதி மறுநாள் என்றால் ஹப்பில்தான் தங்கியிருக்கிறது. அந்த இரண்டு நேரங்களையும் சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டுங்கள். "லேட்டாகிறது" என்று பொதுவாகச் சொல்வதற்கும் இதற்கும் கிடைக்கும் பதிலே வேறு. கடைசி ஐந்து மட்டும் தாமதம் என்றால் அவை வண்டியில் ஏறாமல் நம் வாசலிலோ, அவிழ்க்காத ஒரு பையிலோ நின்றிருக்கின்றன.

## 9. கணக்கு மாறும் நாட்கள்

தீபாவளிக்கு முன் மூன்று வாரம் ஹப்பில் இடம் நிறைந்துவிடும். உள்ளே வாங்கும் நேரத்தை முன்னால் கொண்டுவருவார்கள். அந்த வாரங்களில் தினமும் காலை சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டு "இன்றைக்கு எத்தனை மணி வரை?" என்று கேளுங்கள். அரை மணி குறைந்தால் சங்கிலியில் உள்ள எல்லா நேரமும் அரை மணி முன்னால் வரும், தளத்தில் போட்ட கட்-ஆஃப் உட்பட. கட்-ஆஃபை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நெருக்கினால் கடைசி பேட்ச்தான் அடிபடும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை வரை இருக்கும். முன்பே அறிவித்துவிடுவார்கள். அன்று காலை 8.30-க்கே வந்து இரவு ஆர்டர் முழுவதற்கும் லேபிள் அடித்துவிடுங்கள். பிரிண்டரும் ரூட்டரும் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரில் இருந்தால் பகல் பேட்சுகளும் ஓடும்.

பிக்கப் ஆள் மாறினால் 12 நாள் நோட்டை மறுபடியும் தொடங்குங்கள். புது ஆள் நம் தெருவுக்கு முன்னால் எந்தக் கடைக்குப் போகிறார் என்பது மாறியிருக்கும். ஸ்கேன் செய்யும் வேகமும் மாறும். எங்களிடம் வந்த ஒருவருக்கு ஒரு பார்சலுக்கு 7 விநாடி ஆனது, 300 பார்சலுக்கு 35 நிமிடம். லேபிள்கள் எல்லாம் மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கித் தரத் தொடங்கியதும் 4 விநாடிக்கு வந்துவிட்டது. அதுவரை அவர் ஒவ்வொரு பார்சலையும் புரட்டிப் புரட்டி பார்கோடைத் தேடிக்கொண்டிருந்தார்.